தொண்ணூறில் நிற்கும் மயில்

ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. சிவகாசிப் பக்கம் காலண்டர் தொழிலில் இருப்பவர்களுக்கு அது என்ன நாள் என்று விளக்க வேண்டியதில்லை. அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியே எடுப்பது அன்றைக்குத்தான். அதற்கு முந்தைய இரண்டு வாரம் எங்களைப் போன்ற டிசைன்காரர்கள் வீட்டில் சாப்பிட்டோமா தூங்கினோமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் பதில் சொல்ல நேரம் இருக்காது.

நான் எம். புதுப்பட்டியில் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பிழைப்பவன். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர் படம், அவ்வப்போது காதுகுத்துப் பத்திரிகை. அன்று ராத்திரி எட்டு மணிக்கு வாடிக்கையாளர் அண்ணாச்சி ஒருவர் வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு வேண்டியது இரண்டே இரண்டு. தோகை விரித்த மயில், சுற்றிலும் புஸ்வாணம் சீறுகிற மாதிரி ஒரு படம். அதற்குக் கீழே போட எட்டு வரி விளம்பரம்.

விளம்பரத்தை முதலில் ஏ.ஐ.யிடம் கேட்டேன். அண்ணாச்சி டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் எட்டு வரியும் வந்து, அதில் ஐந்தாவது வரி சரியில்லை என்று அவர் குறையும் சொல்லிவிட்டார். அடுத்து மயிலைக் கேட்டேன். திரையில் ஒரு கோடு நகர்ந்தது. முப்பது சதவீதம், அறுபது, எண்பது, தொண்ணூறு. தொண்ணூறில் நின்றது. நின்றது என்றால் அப்படியே நின்றது. டீ ஆறிப்போய், அவர் வீட்டிலிருந்து இரண்டு தடவை போன் வந்து, கடைசி பஸ் போய்விடுமோ என்று அவர் வாசலை எட்டிப் பார்த்தும் அது நின்றுகொண்டே இருந்தது.

“தம்பி, கவிதை மாதிரி எட்டு வரி பொசுக்குன்னு எழுதிருச்சு. ஒரு மயில் வரைய இம்புட்டு நேரமா? உங்க ஊருல டவர் கிடைக்கலையோ?”

அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. எது நடந்தாலும் புதுப்பட்டியின் டவர் மேல் பழி. வந்து சேர வேண்டிய படம் அதிகம் போனால் 2 எம்.பி. இருக்கும். நொடிக்கு 4 மெகாபிட் மட்டுமே கிடைக்கிற சோப்ளாங்கி சிக்னலில்கூட அது இறங்க நாலு நொடி போதும். நான் அனுப்பிய இரண்டு வரிக் குறிப்போ ஒரு வாட்ஸ்அப் செய்தியளவுகூட இல்லை. டவர் ஒரு பாவமும் அறியாதது. தாமதம் கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டர் கொட்டகையில். அங்கே இரண்டு விதமான தாமதம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கிறது. ஒன்று, படத்தை வரையும் நேரம். மற்றது, வரையத் தொடங்குவதற்கு முன்னால் வரிசையில் நிற்கும் நேரம். முதலாவதை நான் மன்னித்துவிட்டேன். இரண்டாவதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வரைவதைப் பற்றி அண்ணாச்சிக்கு அவர் பாஷையிலேயே சொன்னேன். அந்தக் காலத்து சிங்கிள் கலர் ஆப்செட் மிஷின் அவருக்குத் தெரியும். நாலு கலர் லேபிள் அடிக்க ஒரே தாள் நாலு தடவை உள்ளே போய் வர வேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. மூன்று கலர் விழுந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு “முக்கால்வாசி லேபிள் ரெடி” என்று யாரும் விற்க முடியாது. நாலாவது விழும்வரை அது கழிவுத்தாள்தான். இந்தப் பட இயந்திரங்களில் பெரும்பாலானவை அதே ஜாதி. ஆனால் நாலு தடவை அல்ல. முதலில், சிக்னல் போன டிவியில் புள்ளி புள்ளியாக இரையுமே, அப்படி ஒரு அர்த்தமற்ற புள்ளிக்கூட்டத்தை எடுத்துக்கொள்ளும். “இதற்குள் மயில் இருந்தால் எந்தப் புள்ளி தேவையில்லாதது?” என்று மொத்தத் தாளையும் ஒரு தடவை பார்த்துக் கொஞ்சம் துடைக்கும். மறுபடி மொத்தத் தாள், மறுபடி கொஞ்சம் துடைப்பு. இப்படி இருபது, முப்பது, சிலதில் ஐம்பது சுற்று. அதிலும் ஒவ்வொரு சுற்றையும் வழக்கமாக இரண்டு முறை பார்க்கும். ஒருமுறை நம் குறிப்பை மனதில் வைத்து, ஒருமுறை குறிப்பே இல்லாமல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக்கினால்தான் படம் நாம் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆக முப்பது சுற்று என்றால் அறுபது தடவை தாள் உள்ளே போய் வருகிறது.

2023 ஜூலையில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்.எல். என்ற இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம், அதனால் அதன் வயிற்றுக்குள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். 1024க்கு 1024 புள்ளி உள்ள படத்தை அது நேரடியாக வரைவதில்லை. நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, 128க்கு 128 கட்டத்தில் வேலையை முடித்துக் கடைசியில் விரித்துத் தருகிறது. சுருக்கினாலும் 16,384 கட்டம். அறுபது தடவையும் அத்தனை கட்டத்தையும் தொட வேண்டும். பெருக்கிப் பார்த்தால் பத்து லட்சத்தை நெருங்குகிறது.

எழுத்து அப்படி இல்லை. எழுத்து இயந்திரம் ஒரு தடவைக்கு ஒரே ஒரு துண்டுதான் போடும். ஒரு சொல், அல்லது தமிழ் என்றால் சொல்லின் ஒரு கீற்று. அந்தத் துண்டுக்கு இந்தக் கம்பெனிக்காரர்கள் டோக்கன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்காக ஒரு சண்டை இருக்கிறது. அண்ணாச்சியின் எட்டு வரி இருநூறு, முந்நூறு துண்டுக்குள் முடிந்திருக்கும். அதுவும் முதல் துண்டு விழுந்ததுமே நாம் படிக்க ஆரம்பித்துவிடுகிறோம். அது எழுதி முடிப்பதும் நாம் படித்து முடிப்பதும் ஏறக்குறைய ஒன்றாக நடப்பதால் காத்திருந்ததே தெரிவதில்லை. மயிலில் கழுத்து மட்டும் வந்தால் அதைப் பார்த்து என்ன செய்வது?

பத்து லட்சத்தை முந்நூறோடு ஒப்பிடுவது கறாரான கணக்கல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட இயந்திரத்தின் உள்ளடுக்குகளில் கட்டம் இன்னும் சுருங்கும். எழுத்து இயந்திரமோ உருவத்தில் பல மடங்கு பெரியது, ஒரு துண்டுக்கே ஏகப்பட்ட கணக்குப் போடுகிறது. சுத்தமாக வேலையை மட்டும் எடை போட்டால் இடைவெளி பாதிக்கு மேல் இறங்கிவிடும், சில பெரிய எழுத்து இயந்திரங்களில் மறைந்தே போகலாம். அப்புறம் ஏன் எழுத்து பறக்கிறது, படம் நொண்டுகிறது?

அதற்கு விடை எங்கள் ஊர் ரோட்டிலேயே இருக்கிறது. காலையில் பட்டாசு ஆலைப் பஸ் வருமே, அதைப் பாருங்கள். ஒரே ஒரு ஆள் ஏறினாலும் பஸ் அந்த டீசலைக் குடித்துத்தான் ஆக வேண்டும். ஐம்பது பேர் ஏறினால் டீசல் ஏறக்குறைய அதேதான். எழுத்து இயந்திரம் அந்தப் பஸ். ஒவ்வொரு துண்டு போடும்போதும் அது தன் மொத்த மூளையையும் நினைவகத்திலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். நேரம் போவதே அந்தப் படிப்பில்தான். கணக்குப் போடுகிற பகுதி சும்மா கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கும். ஆகவே ஒரே படிப்பில் என் விளம்பரத்துக்கு ஒரு துண்டு, மதுரையில் ஒருத்தர் கேட்ட கடிதத்துக்கு ஒரு துண்டு, மலேசியாவில் யாரோ கேட்ட சமையல் குறிப்புக்கு ஒரு துண்டு என்று பல பேருக்குச் சேர்த்துப் போட்டுவிடலாம். ஒருத்தர் இறங்கினால் அந்த இருக்கையில் அடுத்தவர் உடனே ஏறலாம், பஸ் நிற்கக்கூட வேண்டாம். இதனால் எழுத்துக்கு வரிசையே பெரும்பாலும் உருவாவதில்லை.

படம் லாரி லோடு. ஒரே படத்தின் பதினாறாயிரம் கட்டமும் கணக்குப் போடுகிற பகுதியை ஒரு மூலை விடாமல் அடைத்துவிடுகிறது. இரண்டாவது ஆளின் படத்தைச் சேர்த்து ஏற்றினால் இருவருக்கும் ஏறக்குறைய இரட்டிப்பு நேரம். சேர்த்து ஏற்றியதில் லாபம் சொற்பம். அதனால் ஒரு லோடு இறங்கும்வரை அடுத்த லோடு ரோட்டோரம் நிற்க வேண்டியதுதான். வரிசை பிறக்கும் இடம் இதுதான்.

பெரிய சைஸ் கேட்டால் நிலைமை இன்னும் மோசம். லேபிளை 300 டி.பி.ஐ.யில் அச்சடிக்க 1024 புள்ளி என்பது மூன்றரை அங்குலத்துக்குக்கூடப் பற்றாது. சரி, பக்கத்துக்கு இரட்டிப்பாகக் கேட்போம் என்றால் கட்டம் நாலு மடங்காகிறது. ஒவ்வொரு கட்டமும் மற்ற எல்லாக் கட்டத்தையும் திரும்பிப் பார்க்கும் அடுக்குகளில் வேலை பதினாறு மடங்கு. அதனால்தான் நான் சிறியதாக வரவைத்துவிட்டு அப்புறம் வேறொரு மென்பொருளில் பெரிதாக்குகிறேன். இன்னொரு விஷயம், படத்துக்குள்ளேயே தமிழ் எழுத்து போட்டுத் தரச் சொல்லாதீர்கள். ‘புஸ்வாணம்’ என்று கேட்டால் பல இயந்திரங்களில் எந்த மொழியிலும் இல்லாத ஜிலேபி வருகிறது. அதைத் திருத்தச் சொல்லி மூன்று தடவை வரிசையில் நிற்பதைவிட, அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்லிக் கோரல்டிராவில் நாமே எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

இனி வரிசைக்கு வருகிறேன். வயிற்றெரிச்சல் அங்கேதான்.

“ஆள் கூடினால் காத்திருக்க வேண்டியதுதானே” என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். வரிசை அப்படி நேர்க்கோட்டில் வளர்வதில்லை. 1909லேயே டென்மார்க்கில் எர்லாங் என்ற கணித அறிஞர், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அழைப்புகள் எப்படி வந்து குவிகின்றன என்பதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் போட்ட வழியில் வந்ததுதான் இந்தக் கணக்கும். ஒரு படத்துக்குச் சராசரி 20 நொடி பிடிக்கிற ஒரே ஒரு இயந்திரம் இருப்பதாக வையுங்கள். நிமிடத்துக்கு மூன்று படம் அதன் சக்தி. ஆட்கள் ஒழுங்காக இடைவெளி விட்டு வர மாட்டார்கள், முன்னும் பின்னும் கும்பலாகத்தான் வருவார்கள். ஒருவர் சின்னப் படம் கேட்பார், ஒருவர் பெரியது கேட்பார். நிமிடத்துக்குச் சராசரி ஒன்றரைப் படம் கேட்டு வந்தால், அதாவது பாதிச் சக்திக்கு வேலை இருந்தால், வரிசையில் நிற்பது சராசரி 20 நொடி. வேலை தொண்ணூறு சதவீதமானால்? நாற்பதோ ஐம்பதோ நொடி ஆகும் என்றுதான் நானும் நினைத்தேன். மூன்று நிமிடம் ஆகிறது. தொண்ணூற்றைந்து சதவீதமானால் ஆறே கால் நிமிடத்துக்கு மேல். கடைசி ஐந்து சதவீதக் கூட்டம் காத்திருப்பை இரட்டிப்பாக்கிவிடுகிறது. நூறைத் தொட்டுவிட்டால் வரிசைக்கு முடிவே கிடையாது, வளர்ந்துகொண்டே போகும்.

காரணம் எளிது. இயந்திரம் சும்மா இருந்த நொடியைச் சேமித்து வைக்க முடியாது. ஐந்து நிமிடம் யாரும் வராமல் போனால் அந்த ஐந்து நிமிடம் போனதுதான். ஆனால் ஐந்து பேர் ஒன்றாக வந்துவிட்டால் அந்தக் கும்பல் கரைய ஓய்வு நேரம் வேண்டும். நிரம்பி வழிகிற இயந்திரத்தில் ஓய்வு ஏது? தீபாவளிக்கு முந்தைய மாதம் பிரஸ்காரரிடம் “அரை மணி நேர வேலைதானே” என்று கெஞ்சிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான், அவருக்கும் தெரியும். அது மிஷினில் ஏறப் பத்து நாள் ஆகும்.

சரி, கூட இயந்திரம் வாங்கிப் போடலாமே என்பீர்கள். அந்த ஜி.பி.யு. அட்டைகளின் விலை அப்படி. ராத்திரி எட்டு மணிக் கூட்டத்துக்கு வாங்கிப் போட்டால் மற்ற நேரம் சும்மா கிடக்கும். அதனால் கடைக்காரர் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே வைத்திருப்பார். இதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் நம் எட்டு மணி என்ன மணி என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது காலை பத்தரை, கோடைக்காலக் கணக்குப்படி. அவர்கள் ஆபீஸில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்த நேரம். ஜெர்மனியில் மாலை நாலரை. இங்கே நாம் சாப்பிட்டுவிட்டு போனை எடுக்கும் நேரம். மூன்று கண்டமும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கிறது.

இதன் உச்சத்தை உலகமே ஒருமுறை பார்த்தது. 2025 மார்ச் 25 அன்று ஓப்பன்ஏஐ தன் சாட்ஜிபிடியில் புதிய பட வசதியைத் திறந்தது. அது புள்ளியைத் துடைக்கிற ஜாதி இல்லை, எழுத்தைப் போலத் துண்டு துண்டாகவே படத்தை உருவாக்குவது. ஆனாலும் ஒரு படத்துக்குப் பெரும்பாலும் ஒரு நிமிடம்வரை ஆகலாம் என்று அந்த நிறுவனமே அன்றைக்குச் சொல்லிவிட்டது. இரண்டே நாளில் ஊர் உலகமெல்லாம் தங்கள் குடும்பப் போட்டோவை ஜப்பான் கிப்லி ஸ்டூடியோ கார்ட்டூன் மாதிரி மாற்ற ஆரம்பித்தது. எங்கள் தெருவில் பால்காரர் முதற்கொண்டு மாற்றினார். மார்ச் 27 அன்று அதன் தலைவர் சாம் ஆல்ட்மன், எங்கள் ஜி.பி.யு.க்கள் உருகுகின்றன என்ற பொருளில் எழுதி, தற்காலிகமாகக் கட்டுப்பாடு வைத்தார். முதல் வாரக் கணக்கில் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் 70 கோடிப் படங்களுக்கு மேல் உருவாக்கினார்கள் என்று அந்த நிறுவனம் சொன்னது. ஆளுக்கு ஐந்து படத்துக்குச் சற்று மேல். சராசரி ஆள் ஒரு படத்தோடு நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதில் நம் பங்கும் இருக்கிறது, மறைப்பானேன். அன்று ராத்திரி மயில் தொண்ணூறில் நின்றபோது நான் என்ன செய்தேன்? பக்கத்தைப் புதுப்பித்து மறுபடி கேட்டேன். பொறுமையில்லாமல் மூன்றாவது தடவையும் கேட்டேன். பழைய கோரிக்கை அங்கே செத்துவிட்டது என்று நினைப்பு. பல இடங்களில் அது சாவதில்லை. யாரும் பார்க்காத அந்த மயிலையும் இயந்திரம் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கும். நான் மட்டும் வரிசையின் வாலுக்குப் போய்விடுவேன். என்னைப் போல ஆயிரம் பேர் அதையே செய்தால் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் ஆவிகள். கூட்டத்தைப் பார்த்துப் பயந்து கூட்டத்தைக் கூட்டுவது.

காசு கட்டியவருக்கு முன்னுரிமை என்பது இன்னொன்று. கோயிலில் சிறப்பு தரிசன வரிசை நகர நகர, தர்ம தரிசன வரிசை கல்லாய் நிற்குமே, அதே ஏற்பாடு. இதிலும் எனக்குக் கோபம் இல்லை. கோயிலில் அந்தப் பக்கம் வரிசை போவது கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே அது தெரியவில்லை என்பதுதான் என் வழக்கு.

அந்தக் கோட்டைத்தான் சொல்கிறேன். முப்பது, அறுபது, தொண்ணூறு என்று நகர்ந்ததே, அது எதை அளந்தது? வரைந்த சுற்றுகளை அளந்திருந்தால் முப்பதில் இருபத்தேழு முடிந்தது என்று அர்த்தம், மிச்ச மூன்று சுற்றுக்கு இரண்டு மூன்று நொடிதான் ஆகும். அப்படி இல்லை. பல இடங்களில் அந்தக் கோடு ‘வழக்கமாக இவ்வளவு நேரம் ஆகும்’ என்ற ஊகத்தில் ஓடுகிற வெறும் கடிகாரம். ஊகத்தைத் தாண்டியதும் சொல்ல ஒன்றும் இல்லாமல் தொண்ணூறில் நின்றுவிடுகிறது. என் மயில் வரையப்பட்டுக்கொண்டிருந்ததா, இல்லை இன்னும் பேனாவே எடுக்காமல் வரிசையில் இருந்ததா என்று எனக்குத் தெரியவே தெரியாது.

நானாகக் கண்டுபிடித்த ஒரு சோதனை உண்டு. ஒரே குறிப்பு, ஒரே சைஸ். பகல் பதினொரு மணிக்கு ஒருமுறை கேட்பது, ராத்திரி எட்டு மணிக்கு ஒருமுறை. ஒரே இயந்திரம் ஒரே சைஸ் படத்தை வரைய எப்போதும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் எடுக்கும், கூட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பகலில் எனக்கு இருபத்தைந்து நொடியில் வந்தது. ராத்திரி நாலரை நிமிடம். மிச்ச நாலு நிமிடம் எல்லாம் வரிசை. இன்னொரு அடையாளம்: மங்கலாக ஏதோ ஒரு உருவம் திரையில் தெரிந்துவிட்டால் உங்கள் முறை வந்துவிட்டது, அதற்குமேல் ஆகும் நேரம்தான் வரையும் நேரம். ஒன்றுமே தெரியாமல் கோடு மட்டும் ஓடினால் அநேகமாக நீங்கள் இன்னும் வாசலில்தான் நிற்கிறீர்கள். அப்போது மறுபடி பொத்தானை அழுத்தாதீர்கள். நான் இப்போதெல்லாம் படத்தைப் பகல் பதினொரு மணிக்கே கேட்டுவிடுகிறேன், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நள்ளிரவு தாண்டியிருக்கும். எழுத்தை ராத்திரிக்கு வைத்துக்கொள்கிறேன், அது எப்போது கேட்டாலும் வரும்.

சொந்த மிஷின் வாங்கு என்று என் மச்சினன் சொல்கிறான். நல்ல ஜி.பி.யு. அட்டை போட்டால் வரிசையே இல்லைதான். நாலே சுற்றில் படம் முடிக்கிற அவசர ஜாதி இயந்திரங்களும் வந்துவிட்டன, 2024 ஆகஸ்டில் வந்த ஃப்ளக்ஸ் ஷ்னெல் அப்படி ஒன்று. மாதிரி காட்ட அது போதும். தோகையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று கேட்கிற அண்ணாச்சிக்கு அது பற்றாது.

அன்றைக்கு மயில் ஒன்பதே முக்காலுக்கு வந்தது. அழகாகத்தான் வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. பத்து நிமிடம் கழித்து இன்னொரு மயில் வந்தது, அதற்குப் பின் மூன்றாவது. அண்ணாச்சி அதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். போகும்போது, “எவ்வளவு நேரமாகும்னு சொல்லியிருந்தா நான் வீட்டுல சாப்பிட்டுட்டே வந்திருப்பேனே தம்பி” என்றார். அவர் கேட்டதில் என்ன தப்பு?

ரேஷன் கடையில் கையில் நம்பர் கொடுக்கிறார்கள். டாக்டர் வீட்டில், “உங்களுக்கு முன்னால் பதினேழு பேர்” என்று கம்பவுண்டர் சொல்கிறார். சலூனில்கூட, “மூணு தலை இருக்கு, போயிட்டு வாங்க” என்று சொல்லி அனுப்புகிறார்கள். எழுத்தின் ஒவ்வொரு கீற்றுக்கும் டோக்கன் என்று பெயர் வைத்திருக்கிற இந்தக் கம்பெனிக்காரர்கள், வாசலில் நிற்கிறவன் கையில் ஒரு டோக்கன் கொடுக்கக் கூடாதா? உங்களுக்கு முன்னால் நாற்பது மயில் இருக்கிறது என்று ஒரு வரி போடுங்கள் சாமி. நாங்கள் சாப்பிட்டுவிட்டு வருகிறோம்.